கதை கேட்டு சீனியரைத் தேர்ந்தெடுக்கலாமா?

கம்போங் மேடானிலிருந்து பங்சார் சவுத் அலுவலகக் கோபுரங்களுக்கு மோட்டாரில் போய்விடலாம். பழைய கிள்ளான் சாலையின் நெரிசலைத் தாண்டினால் அதிக தூரம் இல்லை. தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் பல குடியேறிய பகுதி இது. அங்கே வளர்ந்து, தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, பாலிடெக்னிக் என்று படித்து, ஏழெட்டு வருடம் மென்பொருள் எழுதிய ஒருவர் சீனியர் இன்ஜினியர் வேலைக்கு நேர்காணலுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அல்காரிதம் சுற்றில் தேறிவிடுகிறார். அடுத்த சுற்றில் மூன்று கேள்விகள் வருகின்றன. "தொழில்நுட்பத் தலைமை ஏற்ற ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்." "கோட் ரிவியூவை எப்படிச் செய்வீர்கள்?" "ஜூனியர் ஒருவரை வளர்த்துவிட்ட அனுபவம் உண்டா?"

மூன்றும் நியாயமான கேள்விகள். சீனியர் என்றால் தன் வேலையோடு பிறர் வேலைக்கும் பொறுப்பேற்பவர் என்பதால் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல நிறுவனங்களில் இவை கேட்கப்படும் விதம், வேலைத்திறனைவிடக் கதை சொல்லும் திறனையே அளக்கிறது. சூழல், பணி, செயல், விளைவு என்ற நான்கு கட்டப் பதிலை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வந்தவர் சரளமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். மூன்று வருடமாக அடுத்தவர் கோடில் உள்ள ஓட்டைகளை அடைத்துவந்தவர், "டீமோடு சேர்ந்து செய்தோம்" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார். முன்னவருக்கு வேலை கிடைக்கிறது.

இதற்கு மாற்று கடினமானதல்ல. ரிவியூ செய்வது எப்படி என்று கேட்பதை விட்டுவிட்டு, ரிவியூ செய்யவே சொல்லலாம். தலைமையும் வழிகாட்டலும் பெருமளவு அதிலேயே தெரிந்துவிடும்.

எட்டு வரி என்ன காட்டும்?

மின்பணப்பை செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜூனியர் ஒருவர் பணம் செலுத்தும் பகுதியை எழுதி ரிவியூவுக்கு அனுப்பியிருக்கிறார்.

```python
def pay(user_id, amount):
    bal = get_balance(user_id)
    if bal >= amount:
        set_balance(user_id, bal - amount)
        send_to_merchant(amount)
        return True
    else:
        return False
```

படிக்கும்போது குறை எதுவும் தெரியாது. இருப்பைப் பார்க்கிறது, போதுமானால் கழிக்கிறது, கடைக்காரருக்கு அனுப்புகிறது. சோதித்துப் பார்த்தாலும் ஓடும். இதை நேர்காணலுக்கு வந்தவரிடம் கொடுத்து, உண்மையான ரிவியூவில் எழுதுவதுபோல் கருத்துகளை எழுதச் சொல்லுங்கள்.

சிலர் `bal` என்பதை `balance` என்று எழுதச் சொல்வார்கள், `else` தேவையில்லை என்பார்கள். தவறில்லை, ஆனால் பணம் தொலைவது அங்கே அல்ல. கொஞ்சம் அனுபவம் உள்ளவர் `amount` எதிர்மறையாக வந்தால் என்ன ஆகும் என்று கேட்பார். -50 என்று வந்தால் நிபந்தனை தேறிவிடும். கழிக்க வேண்டிய இடத்தில் இருப்பு 50 வெள்ளி கூடிவிடும்.

சீனியரின் கண் படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நிற்கும். கணக்கில் 100 வெள்ளி இருக்கிறது. ஒரே கணக்கு திறந்திருக்கும் இரண்டு கைப்பேசிகளிலிருந்து ஒரே நொடியில் 80 வெள்ளிக்கு இரண்டு கோரிக்கைகள் வருகின்றன. இரண்டும் 100 என்று படிக்கின்றன, இரண்டும் நிபந்தனையைத் தாண்டுகின்றன, இரண்டும் 20 என்று எழுதுகின்றன. கடைக்காரர்களுக்கு 160 வெள்ளி போய்விட்டது. வாடிக்கையாளர் கணக்கிலிருந்து கழிந்தது 80 மட்டுமே. மீதி 80 நிறுவனத்தின் நட்டம். ஒருவர் மட்டும் அழுத்திப் பார்க்கும் சோதனையில் இது அகப்படாது. கூட்டம் அதிகமான நாளில், கணக்கு முடிக்கும் இரவில்தான் தெரியவரும்.

திருத்தத்தையும் அவர் சொல்வார். பார்ப்பதையும் கழிப்பதையும் தரவுத்தளத்தின் ஒரே கட்டளைக்குள் வைத்துவிடலாம்.

```sql
UPDATE wallet SET balance = balance - 80
WHERE user_id = 7 AND balance >= 80;
```

ஒரு வரிசை மாறியிருந்தால் பணம் கழிந்தது என்று பொருள்; எதுவும் மாறாவிட்டால் இருப்பு போதவில்லை. அசல் சீனியர் இதோடு நிறுத்தமாட்டார். இணைப்பு மந்தமாக இருந்து செயலி அதே கோரிக்கையை மறுபடி அனுப்பினால், கணக்கில் 200 வெள்ளி உள்ளவரிடம் ஒரே பொருளுக்கு 80 இரண்டு முறை கழியும். மேலே உள்ள கட்டளை அதைத் தடுக்காது. அதற்கு ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் வேண்டும். அந்த எண் முன்பே வந்திருந்தால் மறுபடி கழிக்காமல் பழைய பதிலைத் திருப்பித் தர வேண்டும். கழித்த பிறகு `send_to_merchant` தோற்றுப்போனால் பணம் நடுவழியில் நிற்கும் என்பதையும் கேட்பார். தன் திருத்தம் எதைத் தீர்க்கவில்லை என்று தானே சொல்வதுதான் சீனியருக்கு அடையாளம்.

ரிவியூ நடந்துவிட்டது என்பதாலேயே பிழை பிடிபட்டுவிடாது. ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்று பெயர்பெற்ற ஓட்டை, 2011-ஆம் ஆண்டின் கடைசி நாளில், ரிவியூ செய்யப்பட்ட பிறகே உள்ளே சேர்ந்தது. மறுமுனை சொல்லும் நீளத்தை அப்படியே நம்பி அந்த அளவு நினைவகத்தைத் திருப்பி அனுப்பியது கோட். 2014 ஏப்ரலில் வெளியே தெரியும்வரை ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை கசியவிடக்கூடியதாக இருந்தது. "இந்த எண் பொய்யாக இருந்தால்?" என்ற கேள்வியை எழுதியவரும் கேட்கவில்லை, பார்த்தவரும் கேட்கவில்லை. நம் எட்டு வரியில் `amount` மீது கேட்க வேண்டியதும் அதே கேள்விதான்.

கருத்தை எழுதும் விதம்

பிழையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதை எப்படி எழுதுகிறார் என்பதில் வழிகாட்டும் பழக்கம் வெளிப்படும். ஒருவர், "இது தப்பு. ரேஸ் கண்டிஷன் இருக்கு. மாத்துங்க" என்று எழுதுகிறார். இன்னொருவர், "இருப்பு 100. இரண்டு போனில் ஒரே நேரத்தில் 80 வந்தால் கடைசியில் இருப்பு எவ்வளவு, கடைக்குப் போனது எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கோரிக்கையை ஒன்றாக அனுப்பும் ஒரு டெஸ்ட் எழுதினால் கண்ணால் பார்க்கலாம். இது முடியாமல் சேர்க்க வேண்டாம்" என்று எழுதுகிறார். இருவரும் ஒரே பிழையைத்தான் பிடித்திருக்கிறார்கள். முதல் கருத்தால் இந்த எட்டு வரி திருந்தும். இரண்டாவதைப் படித்த ஜூனியர் அடுத்த மாதம் வேறொரு கோப்பில் இதே ஓட்டையைத் தானே பார்ப்பார்.

எது கட்டாயம், எது விருப்பம் என்று பிரிக்கிறாரா என்பதும் முக்கியம். கூகுள் வெளியிட்டுள்ள ரிவியூ வழிகாட்டியில் சிறு அழகுக் குறைகளுக்கு முன்னால் `Nit:` என்று போடச் சொல்கிறார்கள். மாற்றம் முழுநிறைவாக இல்லாவிட்டாலும், மொத்தத்தில் கோடின் நலத்தைக் கூட்டுகிறது என்றால் ஒப்புதல் தரலாம் என்கிறார்கள். பெயர் மாற்றத்தையும் 80 வெள்ளி நட்டத்தையும் ஒரே தொனியில் எழுதுபவரின் குழுவில், ஜூனியர்கள் எல்லாக் கருத்துக்கும் ஒரே அளவு பயப்படுவார்கள், அல்லது எதற்குமே பயப்படமாட்டார்கள்.

2013-இல் வெளியான மைக்ரோசாஃப்ட் ஆய்வு ஒன்று, ரிவியூவிலிருந்து எல்லோரும் பிழை பிடிப்பதை எதிர்பார்க்கிறார்கள், ஆனால் நடைமுறையில் அறிவுப் பகிர்வும் குழுவுக்குள் விழிப்பும் மாற்று வழிகள் தோன்றுவதும் பெரிய பயனாக அமைகின்றன என்று காட்டியது. எனவே ரிவியூவையும் வழிகாட்டலையும் இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரிப்பதில் பெரிய பொருளில்லை.

அப்படியானால் கேள்விகளே வேண்டாமா?

வேண்டும். எட்டு வரியில் அகப்படாத ஒன்று உண்டு. ஒரு முடிவை எடுத்து, எதிர்ப்பைச் சமாளித்து, அதன் விளைவோடு ஆறு மாதம் வாழ்வதை அரை மணி நேரத்தில் நடித்துக் காட்ட முடியாது. அதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

"தலைமை ஏற்றீர்களா?" என்பதற்குப் பதில், "உங்கள் வடிவமைப்பை எதிர்த்தவர் சொன்ன மிக வலுவான காரணம் என்ன? அதில் எதை ஏற்றுக்கொண்டீர்கள்?" என்று கேளுங்கள். விவாதத்தில் உண்மையிலேயே இருந்தவருக்கு மறுதரப்பு வாதம் நினைவிருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தவருக்குத் தன் தரப்பு மட்டுமே தெரியும். வழிகாட்டலில், "ஒரே பிழையை மூன்றாவது முறை செய்த ஜூனியரிடம் என்ன செய்தீர்கள்? அதற்குப் பிறகு அவர் தனியாகச் செய்த முதல் வேலை எது?" என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை சந்தித்தோம், உற்சாகப்படுத்தினேன் என்ற பதிலில் சான்று இல்லை. "என் கோடை அவரை ரிவியூ செய்யச் சொன்னேன், அவர் பிடித்த ஒரு பிழையை நான் கவனித்திருக்கவில்லை" என்ற பதிலில் சான்று இருக்கிறது. "டீமோடு சேர்ந்து செய்தோம்" என்பவரை அங்கேயே கழித்துவிடாமல், "அதில் உங்கள் கையால் நடந்தது எது?" என்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டியது நேர்காணல் நடத்துபவரின் கடமை.

எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்கூட்டியே எழுதிவைத்த மதிப்பெண் அளவுகோல் என்ற ஒழுங்கு இதற்கு அவசியம். பால் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், வேலைத்திறனோடு உள்ள தொடர்பு, ஒழுங்குபடுத்தப்பட்ட நேர்காணலுக்கு 0.42, இஷ்டத்துக்குப் பேசும் நேர்காணலுக்கு 0.19. முழுப் பொருத்தம் என்றால் 1. ஒழுங்குபடுத்தியதும்கூடப் பாதியை எட்டவில்லை என்பதை மறந்துவிடக்கூடாது. ஆனால் மற்றதைவிட இருமடங்குக்கு மேல்.

நான் சொல்லும் முறையிலும் ஆபத்துகள் உண்டு. பைதான் தெரியாதவரிடம் பைதானைக் கொடுத்தால் மொழியைத்தான் சோதிப்போம். அவர் பழகிய மொழியில் அதே எட்டு வரியைத் தயாராக வைக்க வேண்டும். ஒரே கோடை வருடக்கணக்கில் பயன்படுத்தினால் விடை வெளியே பரவிவிடும். நிறுவனத்தின் நிஜக் கோடைக் கொடுத்து இலவசமாக வேலை வாங்குவது அநியாயம். எல்லாவற்றையும்விட, ரேஸ் கண்டிஷன் எங்கே என்று நேர்காணல் நடத்துபவருக்கே தெரிந்திருக்க வேண்டும். சில இடங்களில் இதுதான் உண்மையான தடை.

செலவு என்று பார்த்தால் அதிகமில்லை. கோடைப் படிக்கவும் எழுதவும் 30 நிமிடம், எழுதியதைப் பற்றிப் பேச 20 நிமிடம். கருத்துகளை ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுத விடலாம். அலுவலகத்தில் அப்படித்தானே எழுதப்போகிறார். இருவர் தனித்தனியே மதிப்பெண் போட்டு, பிறகே ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும்; முதலில் பேசினால் பதவியில் பெரியவரின் மதிப்பெண்தான் நிற்கும். அடுத்த சீனியர் நேர்காணலில் இந்த ஒரு சுற்றை மட்டும் மாற்றிப் பார்த்து, வேலையில் சேர்ந்தவரின் ஆறு மாத ரிவியூ கருத்துகளை அன்றைய மதிப்பெண்ணோடு நிறுவனங்கள் ஒப்பிடட்டும். முறை சரியா தவறா என்பதை அவர்கள் கையிலுள்ள பதிவே சொல்லிவிடும்.