சுவத்துக்குள்ள சும்மா கிடக்கிற ஒயர்

ரௌட்டர் ஹால்ல, டிவி உள் ரூம்ல, நடுவுல ரெண்டு சுவர். கடைசி ஓவர்ல படம் நின்னு சுத்துது. எக்ஸ்டெண்டர் வாங்கக் கிளம்புறதுக்கு முன்னாடி டிவிக்குப் பின்னாடி ஒரு தடவை பாருங்க. பழைய கேபிள் டிவி ஒயர் சுவத்துக்குள்ள சும்மா கிடக்கும். என்னைக் கேட்டா, முதல்ல அதைத்தான் நம்பணும்.

இதுக்கு மோக்கா அடாப்டர் ரெண்டு வேணும். ஒண்ணு ரௌட்டர் பக்கம், இன்னொண்ணு டிவி பக்கம். ஒயரோட ரெண்டு முனையும் அடாப்டர்ல, அங்கிருந்து லேன் கேபிள்ல ரௌட்டருக்கும் டிவிக்கும். அவ்வளவுதான்.

மாட்டியும் அடாப்டர்ல கோஆக்ஸ் விளக்கு எரியலையா? நடுவுல இருக்கிற ஸ்ப்ளிட்டரைச் சந்தேகப்படுங்க. பழையது பெரும்பாலும் 1000 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான். மோக்கா 2.5 ஓடுறது 1125-க்கு மேல, 1675 வரைக்கும். ஸ்ப்ளிட்டரைக் கழட்டிட்டு ரெண்டு ஒயரையும் ஜாயின்ட்டர் போட்டு நேரா இணைங்க. விளக்கு எரிஞ்சா குற்றவாளி அதுதான்.

டிஷ் ஆண்டெனா ஒயர்ல மட்டும் மாட்டாதீங்க. டிடிஹெச் சிக்னல் 950-லிருந்து 2150 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் வருது, ரெண்டும் மோதிக்கும்.

அடாப்டர் பெட்டியில 2.5 ஜிபிபிஎஸ்னு போட்டிருக்கும். ஆனா நிறைய டிவிகள்ல லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். 4கே படத்துக்கு அதுவே தாராளம். நீங்க காசு குடுக்கிறது வேகத்துக்கு இல்ல, படம் நிக்காம ஓடுறதுக்கு. சுவத்துக்குள்ள இருக்கிற பைப்ல இடம் இருந்தா லேன் கேபிளே இழுத்துடுங்க, செலவு இன்னும் கம்மி.