காவடிக்கு முன்னால் பின்னோக்கி நடக்க வேண்டாம்

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை, மூன்று கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான தூரம் காவடிகள் வருகின்றன. வழியெங்கும் கைப்பேசிகள் உயர்கின்றன. அவற்றுள் ஒரு பழக்கத்தை மாணவர்கள் கைவிட வேண்டும். காவடி எடுப்பவருக்கு முன்னால், அவர் முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து படமெடுப்பதே அது.

அலகுக் காவடியின் பாரம் தோளிலும் இடுப்பிலும் தங்கியிருக்கிறது. எடுப்பவர் ஆடித் திரும்பும்போது அதன் சட்டம் அவர் உடலைவிட அகலமாகச் சுழலும். அதனால்தான் உறவினர்கள் முன்னே சென்று வழிவிடச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் ஒருவர் கைப்பேசியோடு நின்றால் காவடியின் நடை தடைபடும். யாருக்கேனும் காயமும் படலாம்.

படமும் நன்றாக வராது. கைப்பேசியில் உள்ள அதிர்வுக் குறைப்பு வசதி, கையின் சிறு நடுக்கத்தைச் சமாளிக்கும். ஒவ்வோர் அடிக்கும் உடல் ஏறி இறங்கும் ஆட்டத்தை அது முழுவதும் நீக்குவதில்லை. விடியலுக்கு முந்தைய குறைந்த வெளிச்சத்தில் காட்சி மங்கிக் கலங்கினால், அதைப் பின்னர் சரிசெய்யவும் முடியாது.

ஆகவே ஓரிடத்தில் நில்லுங்கள். தடுப்புக்கு வெளியே, பின்னால் இருப்பவரை மறைக்காத இடமாகப் பாருங்கள். கால்களைச் சற்று அகற்றி, முதுகை விளக்குக் கம்பத்தில் சாய்த்து, கைப்பேசியை இரு கைகளாலும் மார்பளவில் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். பெரிதாக்கிப் படமெடுத்தால் சிறு நடுக்கமும் பெரிதாகத் தெரியும். கைப்பேசியின் விளக்கை அணைத்துவிடுங்கள்.

காவடி பதினைந்து அடி தொலைவில் இருக்கும்போதே பதிவைத் தொடங்குங்கள். மேலே மயிலிறகு வளைவு வெட்டுப்படாமல் இடம் விடுங்கள். கைப்பேசியை அசைக்காமல், காவடி காட்சிக்குள் வந்து கடந்து போகும்வரை பொறுத்திருங்கள். அடுத்து வருபவரின் சலங்கை கட்டிய கால்களை மட்டும் பத்து விநாடி எடுக்கலாம். பிறகு பால்குடத்தைத் தாங்கிய கைகள். இந்த மூன்று காட்சிகளைச் சேர்த்தால் ஊர்வலம் கண்முன் வந்துவிடும். யாருடைய வழியும் மறிக்கப்பட்டிருக்காது.

நின்று எடுத்தாலும் சில தருணங்களைப் படமெடுக்கக் கூடாது. அலகு குத்தும் இடத்தில், தொடங்குவதற்கு முன்பே அவரிடமோ குடும்பத்தாரிடமோ கேளுங்கள். பாதியில் கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. அருள் வந்தவர், களைத்து அமர்ந்தவர், அழும் குழந்தை ஆகியோரின் முகம் தெரிந்தால் கைப்பேசியைத் தாழ்த்துங்கள். அந்த நிலையில் இருப்பவரால் சம்மதம் தர இயலாது. ஆனால் பதிவேற்றிய படம் அவருடைய பள்ளிக்கும் வேலையிடத்துக்கும் போய்ச் சேரும்.

நேர்த்திக்கடன் செலுத்த வந்தவருக்கே அந்தச் சாலை முதலில் உரியது. ஓரமாக நிற்பவருக்கு அவர் வழியும் கிடைக்கும், நமக்கு ஆடாத படமும் கிடைக்கும்.