நமக்கு ‘லாஸ்ட் நேம்’ கிடையாது, கோயில் லிஸ்ட்டிலும் வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடதான் எழுதுறேன், பொறுத்துக்கணும்.

நம்ம கோயில்ல உபய அர்ச்சனை நடந்த அன்னிக்கு ஒரு அம்மா கவுண்டருக்கு வந்து நின்னாங்க. “தம்பி, பணம் கட்டினது நான். குருக்கள் வாசிச்சது எங்கப்பா பேரு. அவர் செத்து இருபது வருஷம் ஆச்சு”ன்னாங்க. சத்தம் போடல. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு. சங்கல்பத்துல குருக்கள் கேட்கிறது பேரும் நட்சத்திரமும். நட்சத்திரம் அந்த அம்மாவோடது, பேரு இறந்துபோன அப்பாவோடது. ஆயுளும் ஆரோக்கியமும் யாருக்குக் கேட்டோம்?

குருக்கள் மேல தப்பு இல்ல. கையில குடுத்த தாள்ல இருந்ததைத்தான் அவர் வாசிச்சார். தப்பு நம்ம லிஸ்ட்டுல. புது சாஃப்ட்வேர் பழைய பட்டியலை வாங்கும்போது ஒவ்வொரு பெயரையும் இடைவெளி பார்த்து மூணா வெட்டிப் போட்டிருக்கு. உதாரணத்துக்கு ஒரு பெயர் வச்சு காட்டுறேன்:

```
First name   Middle name   Last name
LETCHUMI     A/P           MUNIANDY
```

வெள்ளைக்காரன் ஊர்ல கடைசிச் சொல் குடும்பப் பெயர். அதனால அந்த சாஃப்ட்வேர் கடைசிக் கட்டத்தை வச்சு அகரவரிசை போடுது, தாள்ல இடம் பத்தலைன்னா அதை மட்டும் அச்சடிக்குது. நம்ம வழக்கத்துல முனியாண்டி குடும்பப் பெயர் இல்ல. அவர் ஒரு ஆள், லெட்சுமியோட அப்பா. நடுவுல இருக்கிற A/P ‘இன்னாரோட மகள்’னு சொல்ற சொல், பெயரே இல்ல. எஸ்டேட் காலத்துப் பழைய காகிதங்கள்ல இதுவே s/o, d/o-ன்னு இருக்கும்.

நிர்வாகத்துல சிலர் சொல்ற பதில் எனக்குத் தெரியும்: “லாஸ்ட் நேம் வச்சு அடுக்கினா ஒரு குடும்பம் ஒரே இடத்துல வரும்.” அப்படியா? ஒரு வீட்டை எடுத்துக்குவோம். தாத்தா MUNIANDY A/L SINNAPPAN. பாட்டி PARVATHY A/P RAMASAMY. அவங்க மகன் KARUPPIAH A/L MUNIANDY, மகள் LETCHUMI A/P MUNIANDY. பேரன் ARUN A/L KARUPPIAH. கடைசிச் சொல்லை வச்சு அடுக்கிப் பாருங்க. பேரன் K-யில, மகனும் மகளும் M-ல, பாட்டி R-ல, தாத்தா S-ல. ஒரே வீடு நாலு எழுத்துல சிதறிப் போச்சு. அண்ணன் தங்கச்சி மட்டும்தான் சேர்ந்து நிக்கிறாங்க. கல்யாணம் ஆனாலும் நம்ம பெண்கள் ஐ.சி.யில அப்பா பேரோடதானே இருக்காங்க, அப்புறம் புருஷனும் பொண்டாட்டியும் எப்படி ஒரே எழுத்துல வருவாங்க? குடும்பம் சேரணும்னா ரசீது எண்ணோ வீட்டு எண்ணோ போட்டு தனி காலம் வைங்க. அப்பா பேரை அந்த வேலைக்கு இழுக்காதீங்க.

இன்னொரு வாதம், “தமிழ்நாட்டுல கடைசிச் சொல்தானே சொந்தப் பேரு”ன்னு. அது அங்க பெரும்பாலும் சரி. செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த் இருக்காரே, விஸ்வநாதன் அவர் அப்பா. ஆனந்த்தான் அவர். அப்பா பேரு முன்னால வர்றதால வெளிநாட்டுப் பட்டியல்ல கடைசிச் சொல்லை எடுத்தாலும் தற்செயலா சரியா A-யில விழுந்துடுது. அவரே சுங்கை பட்டாணியில பிறந்திருந்தா Anand a/l Viswanathan ஆகியிருப்பார், அதே சாஃப்ட்வேர் அவரை V-யில தூக்கிப் போட்டிருக்கும். நாமளும் தமிழர், அவங்களும் தமிழர், ஆனா வரிசை தலைகீழ். அங்க எழுதின சாஃப்ட்வேரை இங்க அப்படியே கொண்டு வந்தாலும் இடிக்கும்.

அப்ப என்னதான் வழி? ரொம்ப எளிது. நம்ம ஐ.சி.யில பெயர் ஒரே வாக்கா இருக்கு, லாஸ்ட் நேம்னு தனிக் கட்டமே கிடையாது. அந்தப் பெயரை வெட்டாம அப்படியே ஒரே காலத்துல போட்டு, முதல் எழுத்திலிருந்து அடுக்குங்க. நம்ம ஆளுக்கு முதல் சொல் சொந்தப் பெயர், சரியா விழும். மலாய்க்காரருக்கும் அப்படித்தான். அலோர் ஸ்டார்ல பிறந்த துன் மகாதீரை யாராவது ‘துன் முகமது’ன்னு கூப்பிட்டுக் கேட்டிருக்கீங்களா? முகமது அவர் அப்பா. சீனருக்குக் குடும்பப் பெயர்தான் முதல்ல வரும், அதனால தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வர்ற TAN MEI LING, T-யிலதான் நிக்கணும். அவங்களும் தன்னை அங்கதான் தேடுவாங்க. மூணு இனத்துக்கும் காரணம் வேற வேற, ஆனா ‘எழுதியிருக்கிறபடியே’ங்கிற ஒரே விதி போதும். ஐஸ்லாந்துக்காரங்களுக்கும் அப்பா பேருதான் பின்னால வரும். அவங்க டெலிபோன் புத்தகத்தையே சொந்தப் பெயர் வச்சுத்தான் அடுக்கினாங்க. யாரும் அவங்களைப் பிற்போக்குன்னு சொல்லல.

விதி உடையற இடமும் இருக்கு, மறைக்க மாட்டேன். PETER LIM BOON KEAT மாதிரி ஆங்கிலப் பேரு முன்னால ஒட்டியிருந்தா LIM-ல வைக்கணும். கும்பாபிஷேக அழைப்புப் பட்டியல்ல டத்தோ, ஹாஜி, டாக்டர் எல்லாம் பட்டம். அதை வச்சு அடுக்கினா பாதி பிரமுகர் D-யில போய் உக்காந்துடுவாங்க. நம்ம பழைய நோட்டுல ‘மு. கருப்பையா’ன்னு முதலெழுத்து முன்னால இருக்கும், அதைக் ‘கருப்பையா, மு.’ன்னு மாத்தணும். துன் சம்பந்தன்கூட வீ. தி. சம்பந்தன்தான், அவரை ‘வீ’யிலயா தேடுவோம்? இதுக்காக பெயருக்குப் பக்கத்துல ‘வரிசைப் பெயர்’னு இன்னொரு காலம் வைங்க. பெரும்பாலானவங்களுக்கு அது பெயரோட நகல்தான், இந்த மாதிரி சிலருக்கு மட்டும் கையால திருத்தணும். அச்சடிக்கும்போது முழுப் பெயரை அச்சடிங்க, அடுக்கறதுக்கு மட்டும் இந்தக் காலம்.

“சர்ச் பண்ணினா கிடைக்குமே, எதுக்கு வரிசை?”ன்னு இளைய தம்பிங்க கேக்குறாங்க. கூட்டத்துல தாளை வச்சுக்கிட்டு நின்னு பாத்தவங்க அப்படிக் கேக்க மாட்டாங்க. தவிர நம்ம பெயருக்கு ஆங்கிலத்துல ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. பதிவு பண்ணின கிராணி காதுல விழுந்தபடி எழுதினார். Letchumi, Letchmi, Lakshmi எல்லாம் ஒரே பேரு. ஒண்ணைத் தட்டினா மத்தது வராது. வரிசையா இருந்தா L பக்கத்தைத் திறந்து விரலால ஓட்டிப் பாத்துடலாம். அப்பவும் கிடைக்கலைன்னா நட்சத்திரமோ ரசீது எண்ணோ கேளுங்க. ‘உங்க பேரே இல்லம்மா’ன்னு சொல்லி இன்னொரு தடவை பணம் வாங்காதீங்க.

உங்க கோயில் லிஸ்ட் கெட்டிருக்கான்னு இப்பவே பாத்துக்கலாம். A பக்கம் அளவுக்கு மீறி வீங்கியிருந்தா, A/L-லும் A/P-யும் கடைசிப் பெயரோட சேர்ந்து ‘A/L MUNIANDY’ன்னு ஆயிடுச்சுன்னு அர்த்தம். M, R, S பக்கங்கள்ல முனியாண்டி, ராமசாமி, சுப்ரமணியம்னு ஆம்பளைப் பேரா குவிஞ்சு, பெண்கள் பேரே கண்ணுல படலைன்னா, அடுக்கியிருக்கிறது அப்பாக்களை.

அடுத்த உபயத்துக்கு முன்னால நம்ம பட்டியலை நான் திரும்ப அடிக்கப் போறேன். வர்ற ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் மண்டபத்துல உக்காந்திருப்பேன். உங்க பேரு ஐ.சி.யில எப்படி இருக்கு, குருக்கள் எப்படிக் கூப்பிடணும், நட்சத்திரம் என்ன, இந்த மூணையும் வந்து சொல்லுங்க. அந்த அம்மாவுக்கு அர்ச்சனையை அன்னிக்கே திரும்பச் செஞ்சாச்சு, அவங்க பேருலயே.