அம்மாவைத் திட்டும் முன் கைப்பிடிக் கம்பியை அளந்து பாருங்க

1/ 2024 ஏப்ரல். ஆவடி பக்கம் திருமுல்லைவாயல் அபார்ட்மெண்ட்ல ஒரு கைக்குழந்தை தவறி விழுந்து கூரை ஷீட்டில் சிக்கியது. அக்கம்பக்கத்தார் காப்பாற்றினார்கள். வீடியோ பார்த்தவர்கள் அந்தத் தாயைத் திட்டித் தீர்த்தார்கள். அடுத்த மாதமே அவர் இறந்துபோனார்.

2/ குழந்தை விழுந்தா முதல் கேள்வி "அம்மா என்ன பண்ணிட்டிருந்தா?" கம்பி எவ்வளவு உயரம், இடைவெளி எவ்வளவுன்னு யாரும் கேட்கிறதில்லை.

3/ அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் புது வீடுகளில் படிக்கட்டைப் பாருங்க. எஸ்.எஸ். ரெய்லிங், படுக்கைவாட்டில் மூணு பைப். பெரியவங்களுக்கு அது டிசைன். ரெண்டு வயசுக் குழந்தைக்கு அது ஏணி.

4/ கணக்குப் போடுவோம். கைப்பிடி 85 செ.மீ. உயரம். ரெண்டாவது பைப் 42 செ.மீ.யில். குழந்தை அதில் ஏறி நின்றால் கைப்பிடி அதன் காலிலிருந்து 43 செ.மீ.தான். இந்த வயதில் தலை கனம் அதிகம், எடையின் மையம் தொப்புளுக்கு மேலே. எட்டிப் பார்த்தாலே தலைகுப்புறக் கவிழும்.

5/ தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 கைப்பிடிக்குச் சொல்வது 1 மீட்டர். ஆனா ஏற வழி இருந்தா 1 மீட்டரும் பத்தாது. அதனால கம்பிகள் செங்குத்தாகத்தான் நிக்கணும்.

6/ இடைவெளி? பிரிட்டன் விதிப்படி 10 செ.மீ. உருண்டை எங்கேயும் நுழையக் கூடாது. காரணம் இது: குழந்தை கால் முதலில் நுழைந்தால் உடம்பு வழுக்கிப் போயிடும், தலை மாட்டிக்கும். விழாமலேயே கழுத்து இறுகி மூச்சு நிக்கலாம்.

7/ வெல்டரிடம் "நெருக்கமா போடுங்க"ன்னு சொல்லாதீங்க. எண்ணிக்கை சொல்லுங்க. ரெண்டு போஸ்டுக்கு நடுவில் 1 மீட்டர், கம்பி 12 மி.மீ.ன்னா, 9 கம்பி. இடைவெளி 9 செ.மீ. சொச்சம் கூட வராது. 8 போட்டா 10 செ.மீ.யைத் தாண்டிடும்.

8/ அடுத்து பிடிமானம். போஸ்ட் அடியில் இருக்கும் அலங்காரக் கிண்ணத்தைத் தூக்கிப் பாருங்க. நாலு ஓட்டைக்கு ரெண்டு ஸ்க்ரூதான் இருக்கா? ப்ளாஸ்டிக் ப்ளக் கிரானைட்டை மட்டும் பிடிச்சிருக்கா? ஆங்க்கர் போல்ட் கிரானைட்டைத் தாண்டி கான்கிரீட்டுக்குள் இறங்கணும், படியின் விளிம்பை விட்டுத் தள்ளி இருக்கணும். கைப்பிடியை இடுப்பால் அழுத்தித் தள்ளுங்க. அடிப்பகுதி அசைந்தாலோ, கிரானைட்டில் கீறல் தெரிந்தாலோ, அந்த ரெய்லிங் வெறும் அலங்காரம்.

9/ வாடகை வீடா? உள்பக்கமா பாலிகார்பனேட் ஷீட்டை முழு உயரத்துக்கும் கட்டுங்க. பைப்பும் மறையும், கால் வைக்கவும் இடம் இருக்காது. ஆனா போஸ்டே ஆடினா ஷீட் காப்பாத்தாது. அதை ஓனர்தான் சரிபண்ணணும்.

10/ "நாங்க பாத்துப்போம்"னு சொல்ற வீட்டு ஓனர்களே, குக்கர் விசில் அடிக்கும், காலிங் பெல் அடிக்கும். அந்த அரை நிமிஷத்துக்குத்தான் கம்பி. அதைச் சரியா போடாம, பழியை மட்டும் அம்மா தலையில் போடாதீங்க.