மடிப்பு விழுந்த இடத்தில் தையல் விழட்டும்

தீபாவளி ஆர்டர் தொடங்கிவிட்டால் மேற்குத் தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர்க் கடைகளுக்குப் புதுத்துணியோடு பழைய பட்டும் வந்து சேரும். பாட்டியின் முகூர்த்தப் புடவையை மேசையில் வைத்து, செல்போனில் ஒரு படத்தையும் காட்டி, "அண்ணா, இதே மாதிரி குர்த்தா தைச்சுக் கொடுங்க" என்பார்கள். படத்தில் இருப்பது புதுப்பட்டு. நம் கைக்கு வந்திருப்பதோ பல வருஷம் பீரோவில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு. எங்கே வெட்டுவது என்பதை அந்த மடிப்பைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

காஞ்சிப் பட்டை நீளவாக்கில் நான்காக மடித்து வைப்பது பல வீடுகளின் வழக்கம். அந்த மடிப்புக் கோடுகளில் ஊடை இழைகள் ஒரே இடத்தில் வளைந்தே இருந்து நாளடைவில் அறுகின்றன. புடவையை ஒற்றையாக விரித்து டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தால், அறுந்த இடங்களில் ஊசிமுனைப் பொட்டாக வெளிச்சம் தெரியும். பிறகு, வெட்டில் சேராத உள்முனையில் இரண்டு கட்டைவிரலுக்கும் இடையே துணியைப் பிடித்து, பாவு வாக்கிலும் ஊடை வாக்கிலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். மடிப்பில்லாத இடத்திலேயே நெசவு விரிந்து கிழிந்தால், அந்தப் பட்டு உடையாக நிற்காது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்திலிருந்து வரும் புடவையானால் 2015 வெள்ளத்தில் நனைந்ததா என்றும் கேளுங்கள். சேற்றுநீரில் ஊறி மடித்தபடியே காய்ந்த பட்டில் மடிப்புகள்தான் முதலில் விடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புடவை அகலம் 48 அங்குலம், இருபுறமும் 4 அங்குலக் கரை. கரை குர்த்தாவின் அடியில் வர வேண்டும் என்றால் குர்த்தாவின் நீளம் புடவையின் அகலத்தில் அமையும். நான்காக மடித்த கோடுகள் அடிக்கரையிலிருந்து 12, 24, 36 அங்குலங்களில் இருக்கும். 44 அங்குல உயரத்தில் தோளை வைத்தால் 36ஆம் அங்குலக் கோடு தோளுக்கு 8 அங்குலம் கீழே, கைக்குழி முடியும் இடத்தில் விழுகிறது. போட்டவர் கையைத் தூக்கும்போதெல்லாம் இழுபடுவது அந்த இடம்தான். அங்கே பட்டு குறுக்கே பிளந்தால் பிறகு சரிசெய்ய வழியில்லை.

அதனால் அந்தக் கோட்டையே யோக் தையலாக்கிவிடுங்கள். கோட்டுக்கு இருபுறமும் அரை அங்குலம் நலிந்த துணியை எடுத்துவிட வேண்டும். கீழ்த்துண்டு 35½ அங்குலத்தில் முடியும், யோக் 36½இல் தொடங்கும். தையலுக்கு இரண்டிலும் அரை அங்குலம் போக, 7 அங்குல யோக்கோடு 42 அங்குலக் குர்த்தா கிடைக்கும். தோள் தையலுக்கான துணி மேல்கரையிலிருந்து வரும். கட்டம் போட்ட புடவையானால் கட்டம் பொருந்தும்படி எடுக்கும் அளவைக் கூட்டிக்கொள்ளலாம். 24ஆம் அங்குலக் கோட்டில் இழுப்பு குறைவு. உள்ளே மல் துணிப் பட்டை கொடுத்துக் கையால் ஓடுதையல் போட்டால் போதும்.

அடுத்தது உள்துணி. முந்தின நாளே தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பருத்தி மல் துணியை, பட்டை விடச் சுற்றளவில் கால் அங்குலம் குறைத்து வெட்டுங்கள். அப்போது இழுப்பை மல் துணி தாங்கும், பட்டு மேலே தளர்வாக நிற்கும். ஜரிகைக் கரையின் கனம் முழுவதும் கோர்வைக் கோட்டில் தொங்குவதால், அந்தக் கோட்டையும் உள்துணியோடு கையால் பிடித்துவிட வேண்டும். மார்புச் சுற்றில் 4 அங்குலத்துக்குக் குறையாமல் லூஸ் விடுங்கள். டார்ட் வேண்டாம். மெஷினில் 16ஆம் நம்பர் ஊசியைக் கழற்றிவிட்டுப் புதிய 11ஆம் நம்பரைப் போட்டு, தையலை நீளமாக வையுங்கள். நெருக்கமான தையல் பழைய பட்டைத் தபால்தலை ஓரம்போல் துளைத்துவிடும், பிறகு அந்த வரியிலேயே கிழியும்.

உடல் பகுதி நைந்து தலைப்பு மட்டும் உறுதியாக இருந்தால் குர்த்தாவை மறந்துவிட்டு ஜாக்கெட்டைச் சொல்லுங்கள். தலைப்பை முதுகுப் பகுதிக்கு ஒரே துண்டாக எடுத்து, கையையும் பக்கங்களையும் வேறு துணியில் தைக்கலாம். ஜரிகை மடக்கினால் விரிசல் விட்டு உள்நூல் தெரிகிறதென்றால், அதன் குறுக்கே எந்தத் தையலும் போகக் கூடாது. உடம்போடு ஒட்டித் தைக்கும் டிரெஸ் எந்தப் பழம்பட்டுக்கும் ஆகாது.

இவ்வளவையும் கத்திரி எடுப்பதற்கு முன்பே வாடிக்கையாளருக்குக் காட்டிவிட வேண்டும். புடவையை விளக்குக்கு எதிரே அவர் கையாலேயே பிடிக்கச் சொல்லுங்கள். யோக் ஏன், 2 அங்குலம் எங்கே போகிறது என்பதை ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சோதிக்கும் நேரத்துக்கும் கூலி கேளுங்கள். தாங்காத புடவையானால், தைக்க முடியாது என்று சொல்லி மடிப்பை மாற்றி மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.