குத்தகைக்காரர் செத்தா குத்தகையும் செத்துப்போகுமா?

போன வாரம் சென்னையில இருந்து ஒரு போன். எங்க ஊர்க்காரர்தான், வேலை விஷயமா அங்க போயி முப்பது வருஷம் ஆச்சு. எடுத்த எடுப்புல கேட்டார்: "அண்ணே, நம்ம ஆறு மாவ உழுதுக்கிட்டிருந்தவரு போன மாசம் தவறிட்டாராம். அப்ப நிலம் நம்ம கைக்கு வந்துடுச்சுல்ல?"

செத்தவர் வீட்டு கருமாதி முடிஞ்சு பதினஞ்சு நாள்கூட ஆகல. ஆனா கேட்டவர் மேல எனக்குக் கோபம் வரல. ஊரை விட்டுப் போன முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் நினைச்சிருக்காங்க. இதைப் படிக்கிற உங்கள்ல பலருக்கும் தாத்தா காலத்து நிலம் ஊர்ல ஒரு துண்டு இருக்கும், அதை யாரோ ஒருத்தர் உழுதுக்கிட்டு இருப்பார். அதனாலதான் இதை எழுதறேன். ஒண்ணை முன்னாடியே சொல்லிடறேன். நானும் பாதி நிலத்துக்காரன், பாதி குத்தகைக்காரன். சொந்தமா நாலு மா, குத்தகைக்கு மூணு மா. எந்தப் பக்கம் சாய்றேன்னு நீங்களே பாத்துக்கங்க. (மூணு மான்னா ஏறக்குறைய ஒரு ஏக்கர். சென்னைக்காரங்களுக்காகச் சொல்றேன்.)

போன்ல நான் சொன்ன பதில்: "இல்ல தம்பி. குத்தகைக்காரர் செத்ததால மட்டும் குத்தகை முடிஞ்சுடாது."

1955ல வந்த தமிழ்நாடு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துல, சாகுபடிக் குத்தகைதாரர்னா யாருன்னு ஒரு விளக்கம் இருக்கு. அடுத்தவர் நிலத்துல குத்தகை ஒப்பந்தப்படி, தன்னோட உடல் உழைப்பையோ தன் குடும்பத்தாரோட உழைப்பையோ போட்டுச் சாகுபடி பண்றவர். அந்த ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும்னுகூட இல்ல. அதே விளக்கத்துக்குள்ள அவரோட வாரிசையும் சேர்த்திருக்காங்க. ஆனா ஒரு நிபந்தனை. அந்த வாரிசும் அதே நிலத்துல தானோ, தன் குடும்பத்தாரோ உடம்பை வளைச்சு வேலை செய்யணும். அப்பா உழுதார்ங்கிறதுக்காக மட்டும் பையனுக்கு வராது. பையனோ, பையன் வீட்டு ஆளோ சேத்துல கால் வைக்கணும்.

எனக்கு இந்தச் சட்டத்துல ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். சொத்து வாரிசுக்கும் குத்தகை வாரிசுக்கும் உள்ள வித்தியாசம் இங்கதான் இருக்கு. சொத்துன்னா துபாய்ல இருக்கிற மகனுக்கும் பங்கு உண்டு. குத்தகை அப்படி இல்ல. செத்தவருக்கு மூணு பிள்ளைகள் இருந்து ஒருத்தர்தான் வயல்ல நிக்கிறார்னா, உரிமை நிக்கிறவருக்குத்தான். ஊர்ல பலபேரு இதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு, "எங்க அப்பா குத்தகை, நாலு பேருக்கும் சமபங்கு"ன்னு பஞ்சாயத்து பேசுறாங்க. இன்னும் சிலபேரு அந்தக் குத்தகையை வேற ஆளுக்கு உள்குத்தகை விட்டு நடுவுல நெல்லு வாங்கித் தின்னுறாங்க. வெறும் இடைத்தரகருக்கு இந்தச் சட்டத்துல இடமே கிடையாது, அவர் வாரிசுக்கும் கிடையாது. அதுல எனக்கு முழுச் சம்மதம்.

சரி, போன்ல கேட்ட அந்த ஆறு மா விஷயத்துக்கு வர்றேன். செத்தவரை நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். பெரிய பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனி. சின்னவன் ஊர்லயே ஆட்டோ ஓட்டுறான். பொண்ணைக் கட்டிக்கொடுத்தாச்சு. அத்தை அறுபதைத் தாண்டியாச்சு, ஆனா இன்னிக்கும் நாத்து பறிக்கிறது, களை எடுக்கிறது, வரப்புல உளுந்து போடுறது எல்லாம் அவங்கதான். சின்னவன் ஆட்டோவை நிறுத்திட்டு ராத்திரி முறைத் தண்ணிக்குப் போவான், மருந்து அடிப்பான்.

பெரியவன் காரியத்துக்கு வந்தப்பவே தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினான், மூத்த மகன்ங்கிற முறையில குத்தகையைத் தன் பேருக்கு மாத்த. நான்தான் தடுத்து நிறுத்தினேன். "நீ திருப்பூர்ல இருந்துக்கிட்டு உன் பேர்ல மாத்துனா, நாளைக்கு நிலத்துக்காரர் ஒரே ஒரு கேள்வி கேப்பார், நீ எந்தத் தேதியில நாத்து விட்டேன்னு. என்ன பதில் சொல்லுவ?" அவனுக்குக் கொஞ்சம் வருத்தந்தான். ஆனா கணக்கு நேரானது. மனைவியும் வாரிசு. அவங்க உழைக்கிறாங்க, அவங்க குடும்பத்து ஆளான சின்னவனும் உழைக்கிறான். அத்தை பேர்ல கேட்டா ரெண்டும் சேர்ந்து நிக்கும். ஏன் நம்ம ஊர்ல எவனுக்கும் முதல்ல அத்தை பேரு தோணவே மாட்டேங்குதுன்னு எனக்குப் புரியல. நாத்து பறிக்கிற கையி கண்ணுக்குத் தெரியுது, பேர் எழுதுற இடத்துல மட்டும் மறைஞ்சுடுது.

இதுக்கு மேல வேலை காகிதத்துலதான். 1969ல இன்னொரு சட்டம் வந்துச்சு, விவசாய நிலக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். எந்த சர்வே எண்ணை யார் குத்தகைக்கு உழுறார்ங்கிறதை அரசாங்கம் பதிஞ்சு வைக்கிற ஏற்பாடு. பதிவேட்டுல இருக்கிறவர் செத்துட்டா மாறுதல் கேட்டு மனு போடலாம்னு அதுலயே சொல்லியிருக்கு. மாமா பேரு அதுல ஏறியிருந்தது, அது அவங்க அதிர்ஷ்டம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பதிவேட்டு நகல், பழைய குத்தகை ரசீது எல்லாத்தையும் வெச்சு தாசில்தாருக்கு மனு. அவங்க நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பி, ரெண்டு பக்கத்தையும் விசாரிச்சுத்தான் உத்தரவு போடணும். உத்தரவு பிடிக்கலைன்னா கோட்டாட்சியர்கிட்ட அப்பீல்.

கஷ்டம் பதிவேட்டுல பேரே இல்லாதவங்களுக்குத்தான். எங்க பக்கம் அவங்கதான் அதிகம். வாய்ப்பேச்சுக் குத்தகை, களத்துல நெல்லு அளந்து குடுக்கிறது, ரசீது கிடையாது. குத்தகைக்காரர் உயிரோட இருக்கிற வரைக்கும் நிலத்துக்காரர் முகத்துக்கு நேரா இல்லேன்னு சொல்ல மாட்டார், பழக்கம் இருக்கு. செத்த மறுநாள் அந்தப் பழக்கமும் செத்துடும். "உங்கப்பா என்கிட்ட கூலிக்குத்தான் வேலை பாத்தாரு"ன்னு ஒரே வார்த்தை. அப்புறம் அந்தப் பையன் முதல்ல அப்பா குத்தகைக்காரர்னு நிரூபிக்கணும், பிறகு தான் உழைக்கிறேன்னு நிரூபிக்கணும். அடங்கல்ல சாகுபடி செஞ்சவர் பேரு இருந்தா கொஞ்சம் கைகொடுக்கும். அது இல்லைன்னா கொள்முதல் நிலையத்துல நெல்லு போடவும், கூட்டுறவு வங்கியில பயிர்க்கடன் வாங்கவும் திண்டாட்டம்.

இன்னொரு தந்திரம் உண்டு, இதை என் கண்ணால பாத்தேன். குத்தகைக்காரர் செத்ததும் நிலத்துக்காரர் குத்தகை நெல்லை வாங்க மாட்டார். "அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளுவார். ரெண்டு போகம் போனதும் குத்தகை பாக்கின்னு வெளியேத்த மனு. குத்தகை பாக்கி வைக்கிறது வெளியேத்த ஒரு காரணம்ங்கிறது உண்மைதான். நிலத்தை நாசம் பண்றது, விவசாயம் இல்லாத காரியத்துக்குப் பயன்படுத்துறது, நிலம் உன்னுதே இல்லைன்னு வேணும்னே மறுக்கிறது இதெல்லாமும் காரணம். சாவு அந்தப் பட்டியல்ல இல்லாததால பாக்கியை உண்டாக்கப் பாக்கிறாங்க. நிலத்துக்காரர் வாங்க மறுத்தா குத்தகையை வருவாய் நீதிமன்றத்துல கட்டிடலாம், சட்டத்துல வழி இருக்கு. பாக்கி மனு வந்தாலும் நியாயமான காரணம் இருந்தா கட்ட அவகாசம் குடுப்பாங்க, அதுக்குள்ள பாக்கியையும் செலவையும் கட்டிட்டா வெளியேத்த முடியாது. ஆனா அழுதுக்கிட்டு வீட்ல உக்காந்திருக்கிற குடும்பத்துக்கு இதெல்லாம் யாரு சொல்றது?

இப்ப நிலத்துக்காரங்க பக்கம் வர்றேன். "அப்பனுக்கு விட்டா மகன், மகனுக்கப்புறம் பேரன், அப்ப என் நிலம் என்னிக்கு எனக்கு வரும்?" இந்தக் கேள்வியில நியாயம் இல்லாம இல்ல. நியாயக் குத்தகைன்னு 1956ல ஒரு சட்டம் போட்டு, இப்ப விளைச்சல்ல நூத்துக்கு 25 நிலத்துக்காரருக்குன்னு வெச்சிருக்கு. ஆறு மாவுல, அதாவது ரெண்டு ஏக்கர்ல, அறுபது மூட்டை விளைஞ்சா பதினஞ்சு மூட்டை. அதுவும் ஒழுங்கா வராத வீடு நிறைய இருக்கு. நிலத்துக்காரர் பொண்ணு கல்யாணத்துக்கு நிலத்தை வித்தா, உள்ள குத்தகைக்காரர் இருக்கார்னு பாதி விலைக்குக் கேக்கிறான். இந்தப் பயத்துலதான் இப்ப யாரும் எழுதிக்குடுத்துக் குத்தகைக்கு விடுறதில்ல. வருஷத்துக்கு ஒருத்தர்னு ஆளை மாத்துறாங்க, இல்லைன்னா கருவேலம் மண்டினாலும் பரவாயில்லைன்னு தரிசா போட்டுடுறாங்க. பாதுகாக்க வந்த சட்டத்தால புதுசா ஒருத்தனுக்கு நிலம் கிடைக்காமப் போச்சுன்னா அதையும் ஒத்துக்கத்தான் வேணும்.

ஆனாலும் என் கட்சி வாரிசு பக்கம்தான், உழைக்கிற வாரிசு பக்கம். மேட்டுல கிடந்த ஆறு மாவை அந்த மாமா நாப்பது வருஷம் மண் வெட்டி இறக்கி வாய்க்காத் தண்ணி ஏற வெச்சார். அந்த வேலைக்கு எவனும் கூலி குடுக்கல. அது நிலத்துக்குள்ளயே இருக்கு. அவர் செத்த அன்னிக்கே அது நிலத்துக்காரருக்குச் சும்மா போறதுல நியாயம் என்ன இருக்கு?

ஒரு சிக்கல் மட்டும் எனக்கே தெளிவாகல. 1955ல உடல் உழைப்புன்னா ஏர், நடவு, அறுப்பு. இன்னிக்கு டிராக்டர் வாடகை, நடவு மெஷின் வாடகை, அறுப்பு மெஷின் வாடகை. ஒரு வாரிசு எல்லாத்துக்கும் போன்லயே ஆள் விட்டா அது உழைப்பா? சும்மா நின்னு மேற்பார்வை பாத்தா மட்டும் போதாதுன்னு கோர்ட்டுகள் சொல்லியிருக்கு. என்னைக் கேட்டா, ராத்திரி ரெண்டு மணிக்கு மடையைத் திறக்கப் போறவன் யாரு, வரப்புல நண்டு வளையை மிதிச்சு அடைக்கிறவன் யாருன்னு பாத்தாலே போதும். மெஷின் அதைச் செய்யாது.

சென்னைக்காரர்கிட்ட கடைசியா ரெண்டு விஷயம் சொன்னேன். குத்தகை தொடர்ந்தா நிலம் போயிடாது, பட்டா உங்க பேர்லதான் இருக்கும், அத்தையால அதை விக்கவும் முடியாது. தாசில்தார் நோட்டீஸ் வந்தா மறுக்காம வந்து உண்மையைச் சொல்லுங்க, குத்தகைக்கு இனிமே ரசீது குடுங்க, அது உங்களுக்கும் ஆதாரம். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ரசீது எப்படி எழுதறதுன்னு வாட்ஸ்அப்ல அனுப்புங்கண்ணே"ன்னார்.

அனுப்பியிருக்கேன். சம்பா அறுப்பு முடியட்டும், முதல் ரசீது அத்தை பேர்ல வருதான்னு பாக்கணும்.