யார் வரைந்தது என்று கேட்பதற்கு முன்னால்

போன வாரம் நம்ம வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் வந்தது. முருகன், ரெண்டு பக்கமும் தேவியர், மேலே வளைவு, பழைய மரச்சட்டம். மூலையில் கண்ணாடி லேசா விரிசல். கீழே ஒரே வரி: "இது என்ன படம்? யார் வரைஞ்சது?"

பத்து நிமிஷத்துல பதில் குவிஞ்சிடுச்சு. ஒருத்தர் ரவி வர்மா என்றார். இன்னொருத்தர் தஞ்சாவூர், நல்ல விலை போகும் என்றார். விரிசல் விட்ட சாமி படம் வீட்டில் ஆகாது, மரத்தடியில் வச்சிடுங்கன்னு ஒரு பெரியம்மா. கண்ணாடியை மட்டும் மாத்திடலாம், பிரேம் கடையில சொல்லியாச்சுன்னு அனுப்பின தம்பி.

அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் நாங்க போன் எடுத்தோம். பெயரைத் தேடுறது அப்புறம். முதலில் படம் எதன் மேல் இருக்குன்னு பார்க்கணும். அதுதான் எங்க கருத்து.

மூணு போட்டோ கேட்டோம்: பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி ஒண்ணு, மூலையைக் கிட்டத்தில் ஒண்ணு, முதுகுப் பக்கம் ஒண்ணு. தஞ்சாவூர்ப் பலகை ஓவியமாக இருந்தால் மரப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பூச்சால் நகையையும் தூணையும் மேடாக்கி, அதன் மேல் தங்கத் தகடு ஒட்டியிருப்பாங்க. பக்க வெளிச்சத்தில் அந்த மேடு நிழல் போடும். ரவி வர்மா படம்னு நம்ம வீடுகளில் சொல்றது பெரும்பாலும் 1894ல் பம்பாயில் தொடங்கிய அவர் அச்சகத்தின் தாள் படம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நிறம் பொடிப்பொடியாத் தெரியும். சில வீடுகளில் அதன் மேல் ஜரிகையும் ஒட்டியிருப்பாங்க, அதைப் பார்த்து ஓவியம்னு ஏமாறலாம்.

இதில் மேடும் இல்லை, பொடியும் இல்லை. முகம் வழவழன்னு கண்ணாடிக்குள்ளேயே இருக்கு. முதுகுப் பலகையைக் கழட்டினதும் தெரிஞ்சுபோச்சு: நிறமே கண்ணாடியின் பின்பக்கம் ஒட்டியிருக்கு. இது கண்ணாடி ஓவியம். கண்ணாடியை மாத்தினால் முருகனே போயிடுவார்! ஈரத்துணியால் பின்பக்கம் துடைத்தாலும் நிறம் உரிஞ்சு வந்துடும்.

இந்த வேலை தலைகீழ் வேலை. கண் மை, நகைக்கோடு எல்லாம் முதலில். அப்புறம் உடம்பின் நிறம். பின்னணி கடைசியில். தவறினால் மேலே பூசித் திருத்த முடியாது. 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த வித்தை இது. பினாங்கில் இருக்கிற நமக்கு அதில் ஆச்சரியம் இல்லைதான்.

அடுத்தது யார் யார் என்பது. முருகனுக்கு வலப்பக்கம் வள்ளி, இடப்பக்கம் தெய்வானை. வள்ளி கருநிறம். இந்தப் படத்தில் கருநிறத் தேவி இடப்பக்கம் நிக்கிறாங்க. குழுவில் உடனே "வரைஞ்சவருக்குத் தெரியலை" என்று ஒரு தீர்ப்பு. கொஞ்சம் பொறுங்க. பூணூலைப் பாருங்க, இடது தோளில் இருக்க வேண்டியது வலது தோளில் கிடக்கு. தேவியர் முந்தானையும் அப்படியே. எல்லாமே ஒரே மாதிரி மாறியிருந்தால் அது அறியாமை இல்லை. மாதிரிப் படத்தின் மேல் கண்ணாடியை வச்சு வரைஞ்சிருக்காங்க, முன்பக்கம் திருப்பினதும் இடம் வலமாச்சு. போனின் முன்பக்கக் கேமராவும் சில சமயம் இப்படித் திருப்பும். அதனால பக்கத்தில் ஒரு தமிழ்க் காலண்டரை வச்சு மறுபடி எடுக்கச் சொன்னோம். எழுத்து நேராத்தான் இருந்தது.

சரி, யார் வரைஞ்சது? பெயர் இல்லை. தஞ்சாவூர்ப் பட்டறைகளில் கையெழுத்துப் போடும் வழக்கம் பொதுவா இல்லை. பெயர் இல்லைன்னு சொல்றதுல ஒரு குறையும் கிடையாது, அருங்காட்சியகங்களே அப்படித்தான் எழுதுறாங்க. பலகைக்கு உள்ளே பழைய பேப்பர் ஒண்ணு இருந்தது. அதைப் பார்த்துத் தம்பி தேதி கண்டுபிடிச்சாச்சுன்னு குதிச்சான். அது சட்டம் போட்ட காலத்தைக் காட்டும், வரைஞ்ச காலத்தை இல்லை. படம் அதற்கு ரொம்ப முன்னாடியும் வரைஞ்சிருக்கலாம்.

கடைசியில் நாங்க எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "வள்ளி தெய்வானையுடன் முருகன். கண்ணாடியின் பின்புறம் தீட்டியது, தஞ்சாவூர் பாணி. இடம் வலம் மாறியுள்ளது. வரைந்தவர் பெயர் தெரியவில்லை. மேல் மூலையில் விரிசல், அங்கே நிறம் உரிகிறது. கண்ணாடியை மாற்றக் கூடாது."

சீட்டைச் சட்டத்தின் முதுகில் ஒட்டச் சொன்னோம், கண்ணாடியில் ஒட்ட வேண்டாம்னும் சொன்னோம். பிரேம் கடைக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லியாச்சாம். பெரியம்மாவுக்கு மட்டும் விரிசல் இன்னும் மனசுக்கு ஒப்பலை. படத்தைப் பூஜை அறையில் வைக்காமல் ஹாலில் வெயில் படாத சுவரில் மாட்டியிருக்காங்க. உங்க வீட்டிலும் இப்படி ஒண்ணு இருந்தால், கழட்டுறதுக்கு முன்னாடி பக்க வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.